மதியக் கச்சேரிக்குக் காசு கிடையாது

டிசம்பர் மாதம் மாலை ஆறரை மணிக்குச் சென்னை டி.டி.கே. சாலையில் மியூசிக் அகாடமியைத் தாண்டிப் போவது எளிதல்ல. வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். பட்டுப் புடவைகளுக்கும் ஜிப்பாக்களுக்கும் நடுவே, "சார், எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கா?" என்று ஒருவர் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருப்பார். இதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பலர், கர்நாடக சங்கீத சீசன் என்பது பணமும் சிபாரிசும் உள்ளவர்களுக்கான சமாசாரம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாலை ஆறரை மணியைப் பொறுத்தவரை அந்த முடிவில் பெரிய பிழை இல்லை.

ஆனால் சபாவின் நாள் மாலையில் தொடங்குவதில்லை. பல சபாக்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கச்சேரி, இரண்டு மணி வாக்கில் இன்னொன்று, நாலு மணிக்கு மற்றொன்று, அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய மாலைக் கச்சேரி. முதல் இரண்டுக்கும் பெரும்பாலான சபாக்களில் டிக்கெட் கிடையாது. கதவு திறந்திருக்கும், உள்ளே போய், காலியாக உள்ள நாற்காலியில் உட்காரலாம். யார், என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

சென்னையில் குறைந்த செலவில் இசை கேட்க, உரை கேட்க, கலை பார்க்க நினைப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். இந்த ஊரில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை, விலையும் பெரிய தடையில்லை. இலவசமானவை எந்த நேரத்தில் நடக்கின்றன, அந்தத் தகவல் எங்கே வருகிறது என்பவை தெரியாமல்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

பகல் கச்சேரி ஏன் இலவசம் என்று கேட்டால் சபாக்காரர்கள் சொல்லும் பதில் எளிது: டிக்கெட் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். வேலை நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு அரங்குக்கு வரக்கூடியவர்கள் ஓய்வு பெற்றவர்கள், சங்கீத மாணவர்கள், சீசனுக்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள், பிறகு பாடகரின் அத்தை, மாமா, குரு. பாடுகிறவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளம் கலைஞர். அவருக்கு இது வருமானத்துக்கான மேடை இல்லை. இங்கே நன்றாகப் பாடினால் சில ஆண்டுகளில் நாலு மணிக்கு ஏறலாம், அதற்கும் பிறகு மாலைக்கு. இன்று டிக்கெட் கிடைக்காத வித்வான்கள் பலரும் ஒரு காலத்தில் இதே மதிய வெயிலில் பாதி காலியான அரங்கில் பாடியவர்கள்தான்.

மேடை, ஒலிபெருக்கி, அரங்க வாடகை ஆகியவற்றின் செலவை மாலை டிக்கெட்டும் விளம்பரதாரர்களும் நன்கொடையாளர்களும் ஈடுகட்டுகிறார்கள். கலைஞருக்குக் கிடைப்பது சொற்பம். சில இடங்களில் வாய்ப்பு வேண்டுமானால் ஸ்பான்சரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்ற புகார் இசை உலகில் பல காலமாக உண்டு. ஆகவே இந்த இலவசத்தில் ஒரு பங்கை மேடையில் இருப்பவரே சுமக்கிறார். ரசிகர் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்றுதான்: பாதியில் எழுந்து போகாமல் இருப்பது. முக்கியமாக, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகும் பழைய வியாதி பகலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அந்தப் பையன் ஆண்டு முழுதும் சாதகம் செய்திருப்பான்.

கேண்டீன் பற்றி ஓர் எச்சரிக்கை. சீசன் கேண்டீன் இலையில் உட்கார்ந்தால் பில் பால்கனி டிக்கெட்டைத் தொட்டுவிடும். இலவசக் கச்சேரிக்கு வந்தவர் இலவசமாகத் திரும்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

பகலுக்கும் முன்னால், காலையில் இன்னொரு வாசல் திறக்கிறது. மியூசிக் அகாடமி பிறந்ததே கச்சேரிக்காக மட்டும் இல்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி ஒரு இசை மாநாடும் நடந்தது. அதில் எடுத்த தீர்மானத்தின் விளைவாக 1928-ல் அகாடமி தொடங்கப்பட்டது. இசையின் இலக்கணம், வரலாறு, பாடபேதம் ஆகியவற்றை வித்வான்கள் கூடி விவாதிப்பது அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. அந்த மரபு இன்றும் சீசன் நாள்களில் காலை எட்டு மணிக்கு மேல் நடக்கும் விளக்க உரைகளாகத் தொடர்கிறது. ரசிகர்கள் இதை 'லெக்டெம்' என்பார்கள். ஒருவர் ஒரு ராகத்தையோ ஒரு வாக்கேயக்காரரையோ ஒரு வாத்தியத்தையோ எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசியும் பாடியும் காட்டுவார். அந்த ஆண்டு சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்வானவர் தலைமை வகிப்பார். பேசி முடித்ததும் நிபுணர் குழுவினர் எழுந்து சந்தேகம் கேட்பார்கள். சில நாள் அது சூடாகவும் இருக்கும். மாலையில் பெரும் விலை கொடுத்து எட்டத்தில் உட்கார்ந்து கேட்கும் கலைஞரை, காலையில் காசில்லாமல் பத்தடி தூரத்தில், ஒரு கமகத்தைப் பிரித்துக் காட்டும்போது பார்க்கலாம். சங்கீதம் தெரியாதே என்று தயங்குகிறவருக்கும் கச்சேரியைவிட இதுதான் நல்ல தொடக்கம், ஏனென்றால் இங்கே யாராவது ஒருவர் விளக்கிச் சொல்கிறார்.

யுனெஸ்கோ 2017-ல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை டிசம்பருக்கு மட்டும் உரியதென்றால் மீதிப் பதினோரு மாதம் என்ன செய்வது? மயிலாப்பூர் லஸ் பக்கம் ராகசுதா அரங்கு, ஆர்கே அரங்கு போன்ற சிறிய அரங்குகளில் ஆண்டு முழுதும் கச்சேரி நடக்கிறது; பலவற்றுக்கு அனுமதி இலவசம். இருநூறு பேர்கூட உட்கார முடியாத அரங்கில் மைக் அதிகம் குறுக்கிடாத சங்கீதம் கேட்பது பெரிய சபாவில் கிடைக்காத சுகம். மயிலாப்பூர் பாரதிய வித்யா பவனிலும் டிக்கெட் இல்லாத மாலைக் கச்சேரிகள் அடிக்கடி நடக்கும். மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் ராமநவமியை ஒட்டி நாள்கணக்கில் கச்சேரி உண்டு. நவராத்திரியில் பெரிய கோயில்களின் வளாகத்திலேயே நல்ல கலைஞர்கள் பாடுகிறார்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாமல் சிறுவர் சிறுமியர் பாடும் ஞாயிறு காலைக் கச்சேரியும் உண்டு. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஷூவோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இத்தனைக்கும் யார் பணம் தருகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் இலவச நிகழ்ச்சிகளைத் தேடுவதும் சுலபமாகிவிடும். சென்னையில் பல கச்சேரிகளுக்கும் உரைகளுக்கும் பின்னால் 'அறக்கட்டளை' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு குடும்பம் தங்கள் தாத்தா நினைவாகவோ, இறந்துபோன மகள் நினைவாகவோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடமோ சபாவிடமோ ஒப்படைக்கிறது. முதல் அப்படியே இருக்கும். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு முறை அவர் பெயரில் ஒரு சொற்பொழிவோ கச்சேரியோ நடத்த வேண்டும். செலவு வட்டியிலேயே முடிந்துவிடுவதால் டிக்கெட் போடும் அவசியம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சொர்ணம்மாள் அறக்கட்டளைச் சொற்பொழிவு போன்றவை இப்படி உருவானவை. அங்கே பேசிய உரைகள் பின்னர் புத்தகங்களாகவும் வந்திருக்கின்றன. 1970-ல் தொடங்கிய, இப்போது தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பல. இலக்கணம், சித்தர் பாடல், நாட்டார் வழக்காறு என்று எதிலாவது ஆர்வம் உள்ளவருக்கு ஆண்டில் சில நாளாவது அங்கே தீனி இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் போட்ட முதலின் வட்டி இன்றைய விலைவாசியில் ஒரு வாடகைக் காருக்கும் சால்வைக்குமே சரியாகப் போய்விடும்; அதனால் சில உரைகள் சடங்காகச் சுருங்கிவிட்டன. அடுத்தது நேரம். கல்லூரி, பல்கலைக்கழகச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் வேலை நாளில் காலை பதினொரு மணிக்குத்தான். அலுவலகம் போகிறவருக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது மாலையிலும் வார இறுதியிலும் கூட்டம் நடத்தும் அமைப்புகளை. தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை மாதந்தோறும் சனிக்கிழமை ஒன்றில் ஒரு உரை வைக்கிறது. கல்வெட்டு, கோயில் சிற்பம், ஓவியம், பழைய கணிதம் என்று தலைப்புகள் விரியும். பேசுகிறவர் படங்களோடு ஒன்றரை மணி நேரம் ஆற அமரப் பேசுவார். தவறவிட்டால் பின்னர் யூடியூபிலும் பார்க்கலாம். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் சேர்த்த புத்தகங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-ல் அமைந்த அந்த நூலகமும் உரைகளும் கண்காட்சிகளும் நடத்துகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 'பொன்மாலைப் பொழுது' என்ற பெயரில் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் சனிக்கிழமை மாலைகளில் பேசவைத்துப் பெயர் வாங்கியது. அந்த நூலகத்துக்குள் போகவே கட்டணம் இல்லை என்பதும், உறுப்பினராகாமலேயே உட்கார்ந்து படிக்கலாம் என்பதும் இன்னும் பலருக்குத் தெரியாது.

அறிவியல் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2016 முதல் 'சயின்ஸ் அட் த சபா' என்று ஒரு மாலை நடத்திவருகிறது. இடம் மியூசிக் அகாடமியேதான். வித்வான்கள் உட்காரும் மேடையில் இயற்பியலாளர்களும் உயிரியலாளர்களும் கணிதக்காரர்களும் நின்று, பள்ளி மாணவருக்கும் புரியும்படி தங்கள் ஆராய்ச்சியைச் சொல்கிறார்கள். அனுமதி இலவசம். கச்சேரி கேட்கும் அதே பழக்கத்தோடு சென்னை மக்கள் அறிவியலையும் வந்து கேட்பார்களா என்று தொடங்கிய முயற்சிக்கு நல்ல கூட்டம் சேர்ந்தது.

எல்லா இலவசக் கூட்டமும் போகத் தகுந்ததா என்றால், இல்லை. ஒரு மாலையைப் பறிகொடுக்காமல் இருக்க அழைப்பிதழைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓர் அழைப்பிதழில் ஒரே ஒரு பேச்சாளர் பெயரும், ஒரு தலைப்பும், ஒரு தலைவர் பெயரும் இருந்தால் தைரியமாகப் போகலாம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று பத்துப் பெயர் அணிவகுத்தால், அங்கே பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் ஆகும். சிறப்புரை வரும்போது நேரமில்லை என்று பேச்சாளருக்குச் சீட்டுப் போகும். நூல் வெளியீட்டு விழாக்களும் இந்த வகைதான். நண்பர் எழுதிய புத்தகம் என்றால் போகலாம், பொருளைத் தெரிந்துகொள்ளப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். தலைப்பே இல்லாமல் 'இலவச ஆரோக்கியக் கருத்தரங்கு', 'வாழ்க்கையில் வெல்வது எப்படி' என்று வந்து, தொலைபேசி எண்ணைக் கேட்டுப் பதிவு செய்யச் சொன்னால் அது பெரும்பாலும் எதையோ விற்பதற்கு விரிக்கும் கடை.

அழைப்பிதழின் கடைசி வரியும் முக்கியம். 'அனைவரும் வருக' என்றால் நேரே போகலாம். 'அழைப்பிதழுடன் வரவும்' என்றிருந்தால் முன்கூட்டி ஒரு போன் செய்து கேட்பது நல்லது. பல அமைப்புகள் கேட்டவருக்குக் கொடுத்துவிடுகின்றன. வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள் இன்னொரு வகை. நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் கெதே இன்ஸ்டிடியூட் இரண்டும் திரைப்படங்கள், கண்காட்சிகள், இசை நிகழ்ச்சிகளுக்கு அடிக்கடி கட்டணமின்றி அனுமதிக்கின்றன. ஆனால் சில நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் முன்பதிவு கேட்பார்கள். வாசலில் அடையாள அட்டையும் கேட்கலாம்.

தகவல் எங்கே வருகிறது என்பதில்தான் தலைமுறை வித்தியாசம் தெரிகிறது. இளைஞர்கள் இன்ஸ்டாகிராமில் தேடுகிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிகள்தான், ஏனென்றால் விளம்பரத்துக்குச் செலவு செய்ய டிக்கெட் விற்பவரிடம்தான் பணம் இருக்கிறது. இலவசக் கூட்டம் நடத்தும் முதியவர்கள் இன்னும் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியையே நம்புகிறார்கள். ஆங்கில இந்து நாளிதழின் 'என்கேஜ்மென்ட்ஸ்' பத்தி இதற்குப் பேர்போனது. பேட்டை இதழ்கள் அடுத்தது. வீட்டு வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் மயிலாப்பூர் டைம்ஸ் போன்றவற்றில், அடுத்த தெருவில் நடக்கும் உரை கூட வரும். இவை போக, ஒவ்வோர் அரங்கின் வாசலிலும் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். ஒரு கச்சேரிக்குப் போகிறவர் வெளியே வரும்போது அந்தப் பலகையை செல்போனில் படம் பிடித்துக்கொண்டால் அந்த மாதத்துக்குத் தேவையானதில் பாதி கிடைத்துவிடும். சீசன் முழுப் பட்டியல் நவம்பர் கடைசி வாரத்திலிருந்து வெளிவரத் தொடங்கும்.

இனி அருங்காட்சியகம். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 15 ரூபாய் என்று வெகுகாலம் இருந்தது. இன்னும் அது நகரின் மிக மலிவான நுழைவுச் சீட்டுகளில் ஒன்று. சென்னைக்காரர்கள் பலரும் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறை இங்கே வந்து, திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, பிறகு ஆயுசுக்கும் வராதவர்கள். காரணம் அதன் பரப்பு. பல கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். முன்வாசலில் தொடங்கி வரிசையாகப் பார்க்கிறவர் கற்சிற்பங்களும் விலங்குகளும் முடிவதற்குள் களைத்து, வெண்கலக் கூடத்துக்கு வரும்போது மணி நாலரை ஆகியிருக்கும். ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள்.

ஆகவே தலைகீழாகப் பார்ப்பது நல்லது. உள்ளே நுழைந்ததும் நேரே வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கேதான் இருக்கிறார்கள். அர்த்தநாரியை எதிரே நின்று மட்டும் பார்க்காமல் இரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தோளும் இடுப்பும் ஆணுக்குரிய நேர்க்கோட்டிலும், மறுபக்கம் பெண்ணுக்குரிய வளைவிலும் இருப்பது அப்போதுதான் பிடிபடும். கோயிலில் பட்டும் பூவும் சாத்திய உற்சவரிடம் இதைப் பார்க்க வழியே இல்லை. அடுத்து அமராவதிச் சிற்பங்கள். ஆந்திரத்தின் அந்தப் பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகளில் ஒரு பெரும் பகுதி லண்டனில் இருக்கிறது, இன்னொரு பெரும் பகுதி எழும்பூரில். மூன்றாவதாக, தென்னிந்தியாவில் கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்கு முதல் சான்றாக 1863-ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்தவை. இந்த மூன்றோடு முதல் நாளை முடித்துக்கொள்ளலாம். கட்டணம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொரு மாதம் இன்னொரு கூடம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான் விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் இது வேலை செய்கிறவர்களுக்கு நல்லதே, ஆனால் வெள்ளியன்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை எழும்பூர் பாந்தியன் சாலையில் எப்போதும் காணலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் இருக்கும் ஒரு கணவன் மனைவி. காலையில் புறநகர் ரயிலில் சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் மெட்ரோவில் ஒரே நிறுத்தம். பத்து மணிக்கு அருங்காட்சியகத்தில் இருந்தால் மேலே சொன்ன மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு வெளியே வரலாம். அதே வளாகத்தில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம். உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி. ஓவியக் கண்காட்சி நடக்கும் வாரமாக இருந்தால் அனுமதி இலவசம். பல சமயம் ஓவியரே கூடத்தில் இருப்பார், கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குவார். கண்காட்சி இல்லாத வாரத்தில் கூடம் பூட்டியிருக்கும் என்பதால் முதலில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். மாலையில் அந்த வாரத்து உரை எந்த அரங்கில் இருக்கிறதோ அங்கே பஸ்ஸில் போகலாம். சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் மனைவிக்கு டிக்கெட் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து அந்தப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ரயில், மெட்ரோ, பஸ், அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்தாலும், சாப்பாடு நீங்கலாக, இரண்டு பேருக்கும் 150 ரூபாய் அளவில் நாள் முடிந்துவிடும். ஒரு மல்டிபிளெக்ஸ் படத்துக்கு இரண்டு பேர் போய்ப் பாப்கார்ன் வாங்கினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது: நேரம். அம்பத்தூர்க்காரர் எழும்பூருக்கு வரலாம். மாலை உரை முடிந்து எட்டரை மணிக்கு மயிலாப்பூரிலிருந்து அம்பத்தூர் திரும்புவது வேறு. இந்தக் கட்டுரையில் வந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், தரமணி என்று தெற்கிலும் நடுவிலும் குவிந்துவிடும். வடசென்னைக்கு அருகில் உள்ள பெரிய மேடை என்றால் பாரிமுனைப் பக்கம் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம்தான். 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் தன் டிசம்பர் விழாவை அங்கே நடத்துகிறது. தமிழ்ப் பாடல்களுக்கே முதலிடம், பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும் உண்டு. தெற்கத்திச் சபாக்களைப் போல் அங்கே நெரிசல் இருப்பதில்லை. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருப்பவருக்கு சீசனில் முதலில் போய்ப் பார்க்க ஏற்ற இடம் அது.

தூரம் மட்டுமே தடை என்றும் சொல்லிவிட முடியாது. சபா வாசலில் யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் உடையையும் பேச்சையும் பார்த்து, இது நமக்கான இடமில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இசை சபாவை விட்டு வெளியே வர வேண்டும் என்ற வாதத்தோடு டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும் 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கினார்கள். பெசன்ட் நகர் மீனவர் குப்பத்தில், கடற்கரை மணலில், கர்நாடக இசையும் பறையாட்டமும் கூத்தும் ஒரே மேடையில். பின்னர் அது சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாறி, வேறு இடங்களுக்கும் போனது. அரசுப் பக்கத்தில், 2007-ல் தொடங்கி இடையில் நின்றுபோன சென்னை சங்கமம் 2023 பொங்கலில் மீண்டும் வந்தது. கரகம், ஒயிலாட்டம், தப்பாட்டம், தோற்பாவை என்று மாவட்டங்களிலிருந்து கலைஞர்கள் வந்து நகரின் பூங்காக்களிலும் மைதானங்களிலும் ஆடுகிறார்கள். கட்டணம் இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேடை இருக்க வாய்ப்பு அதிகம், குழந்தைகள் ஓடியாடலாம். சபாவில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடியாத குடும்பத்துக்கு ஆண்டில் இதைவிடச் சௌகரியமான வாரம் இல்லை.

அதே ஜனவரியில் புத்தகக் காட்சி. வெகுகாலம் பெயரளவுக்கு ஒரு நுழைவுக் கட்டணம் இருந்தது. மாலையில் மேடையில் எழுத்தாளர்கள் பேசுவதைக் கேட்கத் தனிக் கட்டணம் கிடையாது. ஆகஸ்ட் வந்தால் மெட்ராஸ் வாரம். 1639 ஆகஸ்ட் 22-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரை நிலம் கிடைத்ததை நகரத்தின் பிறந்தநாளாக வைத்து, 2004-ல் எஸ். முத்தையா முதலியோர் தொடங்கிய கொண்டாட்டம் இது. தலைமைக் குழு, பெரிய நிதி என்று எதுவும் இல்லாமல், அவரவர் விருப்பப்படி உரையும் கண்காட்சியும் தெருநடையும் நடத்துவதுதான் இதன் வழக்கம். பெரும்பாலானவை இலவசம்; நடைகளில் சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு, எண்ணிக்கையும் இருபது, முப்பது பேரோடு நிறுத்திவிடுவார்கள். அறிவிப்பு வந்த அன்றே பெயர் கொடுக்காவிட்டால் இடம் கிடைக்காது.

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு மேசையும் அதன் மேல் ஒரு நீள நோட்டும் இருக்கும். அதில் பெயரும் செல்போன் எண்ணும் எழுதச் சொல்வார்கள். விற்பனைக் கூட்டம் அல்ல என்று தெரிந்த இடத்தில் தயங்காமல் எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த மாதத்து அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எத்தனை பேர் வந்தார்கள் என்று அந்த நோட்டைக் காட்டித்தான் நடத்துகிறவர்களும் அடுத்த கூட்டத்துக்கு அரங்கும் நன்கொடையும் கேட்கிறார்கள்.